நீரைப் பற்றி ஒரு கேள்வி

ஒன்பதாந் தர மாணவர் பலர் தமது செயற்றிட்டத்துக்கு ‘நீர் மாசடைதல்’ என்று தலைப்பிடுகின்றனர். பின்னர் புத்தகங்களிலிருந்து நான்கு பக்கங்களைப் பெயர்த்தெழுதிப் படங்களை ஒட்டி முடிக்கின்றனர். இது மாணவரின் சோம்பலன்று, தலைப்பின் குற்றமேயாகும். அத்தலைப்பில் கேள்வி இல்லை. கேள்வி இல்லாதவிடத்து விடை தேடுவது எங்ஙனம்? ஆதலின் அத்தலைப்பைப் படிப்படியாகச் சுருக்கும் வழியை இவ்வாரம் காண்போம்.

முதலில், எந்த நீர் என்று வரையறுத்தல் வேண்டும். கினிகத்தேனைக்கு அருகே அபர்டீன் நீர்வீழ்ச்சியாக விழும் கெசல்கமுவ ஓயா, மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்புக்கும் குடிநீர் தருகின்றது. அந்த ஆறு முழுவதையும் ஒரு மாணவர் ஆராய இயலாது. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையை ஆராயலாம். நாள்தோறும் நடந்து சென்று காணக்கூடிய தூரத்தில் அஃது உள்ளது.

இரண்டாவது, எந்த மாசு என்பது. கிருமியை அறிய ஆய்வுகூடம் வேண்டும். உரத்தின் கரைசலை அறிய இரசாயனப் பொருள்கள் வேண்டும். மழையோடு கரைந்து வரும் மண்ணின் கலங்கலையோ கண்ணாலேயே அளக்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை பெறும் இச்சரிவுகளில் அக்கலங்கலுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, எதனோடு எதனை ஒப்பிடுவது என்பது. 1854ஆம் ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ கையாண்ட முறை இங்கே பயன்படும். அந்நகரின் தென்பகுதியில் இரண்டு கம்பனிகள் ஒரே தெருக்களில் குழாய் நீர் வழங்கின. ஒன்று தேம்ஸ் நதியின் நீரை நகரின் கழிவு சேருமுன்பே எடுத்தது. மற்றையது கழிவு கலந்தபின் எடுத்தது. கழிவுநீர் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 பேர் இறக்க, மற்றைய நீர் பெற்ற 10,000 வீடுகளுக்கு 37 பேரே இறந்தனர் என்று அவர் கணக்கிட்டார். ஏனையவை ஒத்திருக்க, ஒன்று மட்டும் வேறுபடுமாறு ஒப்பிட்டமையே அவ்வாய்வின் வலிமை.

நமது ஓடையிலும் அவ்வாறே செய்யலாம். ஓடைக்கரையில் ஒரு மரக்கறித் தோட்டம் இருக்குமாயின், அதற்கு மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் தெரிந்துகொள்க. இரண்டுக்கும் இடையில் வேறு கால்வாய் வந்து கலவாதிருத்தல் வேண்டும். இப்பொழுது கேள்வி பிறந்துவிட்டது: ‘மழை பெய்த நாட்களில், மரக்கறித் தோட்டத்துக்கு மேலுள்ள நீரைவிடக் கீழுள்ள நீர் கூடுதலாகக் கலங்குகிறதா?’

அளக்கும் முறை எளிது. தாளில் கருமையாக ஒரு சிலுவைக் குறியிட்டு, அதன்மேல் பாடசாலையிலுள்ள உயரமான கண்ணாடி அளவுச்சாடியை வைக்க. ஓடைநீரை நன்கு கலக்கிச் சிறிது சிறிதாக ஊற்றி, மேலிருந்து நோக்குக. குறி மறைந்தவுடன் நீரின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் குறிக்க. உயரம் குறையக் குறையக் கலங்கல் மிகுதி என்பது பொருள். சாடி நிறைந்தும் குறி தெரிந்தால் அதனையும் அவ்வாறே எழுதுக.

கீழிடத்து நீரையே முதலில் எடுத்தல் வேண்டும். மேலிடத்தில் முதலில் இறங்கினால், காலாற் கிளம்பிய சேறு கீழே வந்து கணக்கைக் கெடுத்துவிடும். நீரை எடுத்து வைத்து மறுநாள் அளந்தால் மண் அடியிற் படிந்துவிடும். தெளிந்த நீரென்று ஏமாறுவோம். மழை பெய்யும்போது ஓடையில் இறங்கலாகாது. வெள்ளம் திடீரென வரும். மழை விட்டபின், பெரியவர் ஒருவர் உடனிருக்க, கரையில் நின்று கழியிற் கட்டிய வாளியால் அள்ளுக.

ஒரே நீரை மும்முறை அளந்தால் 27, 29, 30 என்று சிறிது மாறி வரலாம். அந்த மூன்று சென்ரிமீற்றர் நமது கண்ணின் தடுமாற்றம். எனவே மேலே 29, கீழே 27 என வந்தால் வேறுபாடு உண்டெனச் சொல்லலாகாது. மேலே 29, கீழே 11 என வந்து, பல மழைநாட்களிலும் அவ்வாறே தொடர்ந்தால் சொல்லலாம். மழையில்லாத சில நாட்களிலும் அளந்து, அன்று வேறுபாடு மறைகிறதா என்று பார்த்தல் நன்று. மறைந்தால் மழை கரைத்த மண்ணென்பது வலுப்பெறும். மறையாவிடின், இடையில் துணி துவைப்பதோ மாடு இறங்குவதோ காரணமாகலாம். அடுத்த கேள்வி அதுவே.

முடிவை எழுதும்போது கேள்வியின் எல்லையைத் தாண்டலாகாது. தோட்டத்தைக் கடந்தபின் நீர் கலங்குகிறது என்று எழுதலாம். அந்நீர் நோய் தரும் என்று எழுத நமக்கு ஆதாரமில்லை. மேலிடத்து நீர் தெளிவாக இருப்பதனால் அது குடிக்கத்தக்கது என்பதும் பொருந்தாது. கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறுபாடே காணப்படாவிடின் அதனையும் மறையாது எழுதுக. அதுவும் அக்கேள்விக்கு உரிய விடையேயாகும்.