வயிறு பெருத்த தாங்கியும் வாய் திறவாத மேசன்மாரும்

வடமராட்சியில் உள்ள என் தங்கையின் வீட்டு முற்றத்தில், பன்னிரண்டு அடி உயரமான இரும்புச் சட்டகத்தின் மேல், ஆயிரம் லீற்றர் கொள்ளும் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று நின்றது. மூன்று ஆண்டுகள் குறைவின்றி நின்ற அது, ஒரு பக்கம் வயிறு தள்ளத் தொடங்கியது. பின்னர் அடி விளிம்பில் மயிர் போன்ற வெடிப்பொன்று தோன்றி, இரவு முழுவதும் சொட்டிற்று. விற்ற கடைக்குப் போனோம். "வெய்யில் ஐயா, இந்த வெய்யிலுக்கு எந்தத் தாங்கிதான் நிக்கும்?" என்றார் கடைக்காரர். சட்டகத்துக்குத் தூண் நாட்டிய மேசனைக் கேட்டோம். "தாங்கி பிழை அண்ணை, இப்ப வாறதெல்லாம் மெல்லிசு" என்றார். சட்டகத்தை ஒட்டிக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரரோ, தான் சொன்ன அளவுக்குச் செய்து கொடுத்ததாகவும், அதற்கு மேல் தனக்கு எதுவும் தெரியாது என்றும் கையை விரித்தார்.

மூவரும் கூறியதில் ஒரு சிறு பங்கு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூவருமே கண்ணெதிரே இருந்த குற்றவாளியைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அந்தக் குற்றவாளி, தாங்கியின் அடியில் கிடந்த நான்கு இரும்புக் கோணச் சட்டங்களே.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆயிரம் லீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம், அதாவது ஒரு தொன். தாங்கியின் அடி ஏறத்தாழ 1.1 மீற்றர் விட்டமுடைய வட்டம். அதன் பரப்பு ஒரு சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அடி முழுவதும் ஒரு தட்டையான தளத்தில் படிந்திருந்தால், அந்த ஒரு தொன் நிறை ஒரு சதுர மீற்றரில் அமைதியாகப் பரவி இறங்கிவிடும். பிளாஸ்ரிக்குக்கு வேலையே இல்லை. அது நீருக்கும் தளத்துக்கும் இடையில் விரித்த ஒரு தோல் மட்டுமே. இப்போது அந்தத் தளத்தை எடுத்துவிட்டு, இரண்டு அங்குல அகலமான நான்கு சட்டங்களை ஓரடி இடைவெளியில் வையுங்கள். தாங்கியின் அடியில் இரும்பு தொடும் பரப்பு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கும் இராது. எஞ்சிய பரப்பெல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றது. அங்கே நீரைத் தாங்குவது இரும்பன்று, மெல்லிய பிளாஸ்ரிக் அடித்தட்டு. நாம் வாங்கியது நீர் கொள்ளும் பாத்திரம். அதைப் பாலமாக வேலை செய்யச் சொல்லியிருக்கின்றோம்.

இந்தத் தாங்கிகளின் பொருள் பொலிஎதிலீன். அதற்கு ஒரு குணம் உண்டு. நெடுநாள் மாறாத சுமையின் கீழ் அது மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இன்று ஒரு மில்லிமீற்றர் தொய்ந்தது, நாளை சுமையை எடுத்தாலும் முழுமையாக மீளாது. சட்டங்களுக்கு இடையில் அடித்தட்டு தொய்யத் தொடங்கியதும், அடியும் சுவரும் சந்திக்கும் வளைவு திருகப்படுகின்றது. சுவரைப் பிடித்து வைத்திருந்ததே அந்த வளைவுதான். பிடி தளர்ந்ததும் சுவரின் கீழ்ப்பாகம் வெளியே பிதுங்குகின்றது. ஊரில் எல்லோரும் பக்கத்துப் பிதுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சுவர் மெல்லிசு என்கின்றார்கள். நோய் அடியில் இருக்கின்றது என்பதை எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

வெய்யிலுக்கும் இதில் பங்குண்டு. சூடேறினால் பொலிஎதிலீன் இளகும், தொய்வு விரைவுபடும். ஆனால் வெய்யில் உடந்தையே தவிர முதல் எதிரி அன்று. வெய்யிலால் வரும் சேதத்தின் அடையாளமே வேறு. மூடியும் மேற்பகுதியும் வெயில் படும் பக்கமும் வெளிறி, விரலால் தேய்த்தால் மாப்போல ஒட்டும். மேற்பரப்பில் சிலந்திவலை போன்ற நுண்கீறல்கள் தோன்றும். தங்கையின் தாங்கியில் மேற்பகுதி புதிது போல் மினுங்கிற்று. வெடிப்போ அடியில், சரியாக இரண்டாவது சட்டத்தின் ஓரத்தை ஒட்டி, அளவுகோல் வைத்துக் கீறியது போல் நேராக ஓடியது. நாளுக்கு இருமுறை நிறைந்தும் வடிந்தும், அடித்தட்டு இரும்பின் கூரிய ஓரத்தில் மடிந்து மடிந்து நிமிர்ந்ததன் விளைவு அது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதை அறியாதார் யார்? வெடிப்பு, குழாய் பூட்டிய துளையிலிருந்து கதிர்போல் பிரிந்திருந்தால் மட்டும் சட்டங்களை விட்டுவிட்டு, தாங்கியில் தொங்கும் தாங்கலற்ற குழாயைக் குற்றம் சாட்டலாம்.

இங்கே நம் மேசன்மாரின் ஒரு பெருந்தவற்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் மட்டக்கோலை வைத்து நீர்மட்டம் பார்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். மட்டமும் சமதளமும் ஒன்றல்ல. ஒரு தளம் ஒரு பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் சரிந்திருந்தாலும், அடிமுழுதும் படிந்திருக்குமாயின், தாழ்ந்த பக்கத்தில் நீரின் ஆழம் இரண்டு சென்ரிமீற்றர் கூடுவதே நட்டம். ஒரு மீற்றருக்கு மேல் உயரமுள்ள தாங்கியில் அது பொருட்டன்று. சரிவைக் கூடாதென்றே நானும் சொல்வேன். ஆயினும், மட்டம் துல்லியமாயிருந்தும் நடுவில் ஒரு சீமெந்துக் கட்டி பிதுங்கி நிற்கும் தளம் அதைவிடக் கொடியது. அந்தக் கட்டியின் மேல் தாங்கி ஆடும், அடி அவ்விடத்தில் குத்துப்படும். உறுத்தும் ஒரு சிறு கல்லுக்கும் இதே வல்லமை உண்டு.

எல்லாப் பிதுக்கமும் நோயன்று என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கின்றேன். நிறைந்த தாங்கியின் பக்கங்கள் சற்றே புடைப்பது இயல்பு. ஐயமிருந்தால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு நூலைச் சுற்றி அளவெடுங்கள், தாங்கி நிறைந்திருக்கையில் ஒருமுறை, வெறுமையாகி ஓரிரு மணி நேரம் கழிந்தபின் ஒருமுறை. வெறுமையில் அளவு பழைய நிலைக்குத் திரும்புமாயின் கவலையில்லை. திரும்பாமல், ஒரு மாதம் கழித்து எடுத்த அளவும் கூடியிருந்தால், அது தொய்ந்துகொண்டிருக்கின்றது. தொய்ந்த பொலிஎதிலீனைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வழியில்லை. கயிறு கட்டுவதும், இரும்புப் பட்டம் பூட்டுவதும், வெடிப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் வித்தைகள்.

வெடிப்பைச் செப்பனிடலாமா? இங்கேதான் ஏமாற்று அதிகம். முதலில் வந்தவர் இரு குழம்புகளைப் பிசைந்து பூசும் எபொக்சிப் பசையுடன் வந்தார். பொலிஎதிலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசை எளிதில் பற்றாது. ஒட்டும் பசையை நிரப்பும் புட்டிகளையே அதிற் செய்கின்றார்கள் என்பதிலிருந்து ஊகிக்கலாம். பூசிய பசை காய்ந்து கல்லானது. தாங்கி நிறைந்து அடி அசைந்ததும் நான்காம் நாள் அப்படியே ஓடு போலக் கழன்றது. அதற்கும் கூலி கொடுத்தோம்.

இரண்டாமவர் மோட்டார் வாகனங்களின் பம்பர் ஒட்டுபவர். சூடான காற்றால் பிளாஸ்ரிக் கோலை உருக்கி நிரப்பும் முறை சரியான முறைதான். ஆனால் அவர் கொண்டுவந்த கோல் பம்பருக்குரிய பொலிபுரொப்பிலீன். இரண்டும் நீரில் மிதக்கும், இரண்டும் பார்வைக்கு உறவினர் போலிருக்கும். ஆனால் உருகி ஒன்றாவதில்லை. தாங்கியின் பொருளிலேயே ஆன கோல் வேண்டும். கிடைக்காவிடில், பழைய தாங்கியின் மூடியிலிருந்து வெட்டிய கீற்றுகளைக் கொண்டு முதலில் ஒரு துண்டில் ஒட்டி, ஆறியபின் பிய்த்துப் பார்க்க வேண்டும். கையால் உரிந்து வந்தால் வேலையைத் தொடங்கவே கூடாது.

முறையாகச் செய்வதாயின், தாங்கியை வடித்து உலர்த்தி, வெடிப்பின் இரு நுனிகளிலும் சிறு துளையிட வேண்டும். அப்போதுதான் அது மேற்கொண்டு ஓடாது. வெடிப்பைக் கூர்வாய்க் குழியாகச் சுரண்டி, தாங்கியின் உடலும் கோலும் சேர்ந்து உருகும் வரை சூடேற்றி நிரப்ப வேண்டும். வெறும் ஈயம் பற்றவைக்கும் கோலால் மேலே பூசித் தேய்ப்பது பார்வைக்கு ஒட்டு, பலத்தில் வெறுமை. உள்ளே இறங்கி ஒட்டுவோர் புகையில் மயங்க நேரலாம். வெளியே ஒருவர் காவல் நிற்காமல் எவரையும் இறக்காதீர்கள்.

இவ்வளவும் சுவரின் மேற்பாதி வெடிப்புக்குப் பொருந்தும். சிறு துளையாயின் இதுவும் வேண்டாம்; துளையைச் சற்றுப் பெருப்பித்து, இறப்பர் வளையங்களுடன் தாங்கி இணைப்பு ஒன்றைப் பூட்டி, அதன் வாயை மூடியால் அடைத்துவிடலாம். ஆனால் அடி விளிம்பில் வெடித்த தாங்கியை, அதுவும் தலைக்கு மேல் ஒரு தொன் நிறையுடன் நிற்பதை, எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் நான் நம்ப மாட்டேன். அதன் கீழே என் தங்கையின் பேரப்பிள்ளைகள் விளையாடுகின்றார்கள்.

புதுத் தாங்கி வாங்கினோம். பழைய சட்டங்களிலேயே அதனை ஏற்ற வந்தவர்களை நான் தடுத்ததில் இரண்டு மணி நேரச் சச்சரவு. பல நிறுவனங்கள், தாங்கியின் அடி முழுவதும் தட்டையான உறுதியான தளத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையிலேயே அச்சிடுகின்றன. அந்த அட்டையை வாசித்துக் காட்டக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம் போதும். தாங்கியைச் சட்டத்தில் ஏற்றிக் கொடுக்கும் அவரது ஆட்களே, பின்னர் அந்த வரியைக் காட்டி உரிமையை மறுக்கவும் வருகின்றார்கள். இது அறியாமையா, வசதியா?

சிலர் கொங்கிறீற் பலகை போடச் சொன்னார்கள். 1.3 மீற்றர் சதுரத்தில் மூன்று அங்குலத் தடிப்பான பலகை ஏறக்குறைய முந்நூறு கிலோகிராம் வரும். புதிதாகக் கட்டும் கொங்கிறீற் தூண்களுக்கு அதுவே சிறந்தது. துருவேறிய பழைய கால்களுக்கு அது மேலும் ஒரு சுமை. எனவே ஆறங்குல இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் கூட்டி, அதன் மேல் ஆறு மில்லிமீற்றர் இரும்புத் தகடு விரித்தோம். நிறை எண்பது கிலோகிராம் அளவில். தகடு தாங்கியின் அடியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதல். ஒட்டுத் தழும்புகளை அராவி, விளிம்பைத் தேய்த்து, துருக்காப்பு வர்ணம் பூசியபின்தான் தாங்கி மேலேறியது. பலகை விரிக்கச் சொன்னவர்களும் உண்டு. நம் மாரிக்கு அது உக்கி, ஓரிடத்தில் மட்டும் தாழும். பிறகு பழைய கதைதான்.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து ஊரில் வீடு கட்டும் உறவுகளுக்கு ஒன்று கேட்கின்றேன். வாயிற் கதவின் பூவேலைக்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள் எடுத்தீர்கள்? தாங்கியின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு முறையேனும் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். கீழிருந்து எடுத்த படத்தில் தாங்கியின் அடி கண்ணுக்குத் தெரிந்தால், உங்கள் மேசனுக்கு மறுபடியும் அழைப்பு எடுக்க வேண்டியிருக்கும்.