முழுப் பணமும் கட்டிய அறை எங்கே? விடுதிப் பொது மேலாளருக்கு ஒரு திறந்த மடல்



முன்பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாகப் பதிவு எடுப்பது விடுதித் தொழிலில் உள்ள வழக்கம். கணக்குப் பலித்தால் லாபம் விடுதிக்கு. பிசகினால் நட்டமும் விடுதிக்கே உரியது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியவர் தலையில் அதைச் சுமத்துவது அநியாயம்.

ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் வேறு அறை கிடைப்பது அரிது. இரவில் குழந்தையோடு வந்து நிற்கும் குடும்பத்துக்கு, விடுதி காட்டிய இடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி அனுப்பப்பட்ட ஒரு குடும்பம், பள்ளத்தாக்கு தெரியும் அறைக்குக் காலை உணவோடு இரண்டு இரவுக்கு 12,000 ரூபாய் கட்டியிருந்தது. கிடைத்ததோ பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில், சுவரில் ஓதம் ஏறிய அறை. வெந்நீர் வாளியில் வந்தது. அங்கே கட்டணப் பலகையில் அன்றைய வாடகை இரவுக்கு 2,500 ரூபாய்.

ஆகவே திருப்பித் தர வேண்டிய வித்தியாசம் 7,000 ரூபாய். காலை உணவின் விலை இதிலேயே அடங்கிவிடுவதால் அதைத் தனியாகக் கேட்பதற்கில்லை. லாட்ஜுக்குப் போன டாக்சிக் கட்டணம் 400 ரூபாய் இதில் சேராது. ரசீது இருப்பதால் அதையும் தர வேண்டும். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்குமான இழப்பீடு வேறு. அடுத்த முறை தங்கத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னது இவற்றில் எதற்கும் ஈடாகாது.

மாற்று அறையில் தங்கிவிட்டதால் விருந்தினர் சம்மதித்துவிட்டார் என்பது நிர்வாகத்தின் வாதம். வேறு வழியில்லாமல் தங்கியது சம்மதம் ஆகாது. ஆட்சேபத்தை அன்றிரவே வாட்ஸ்அப்பில் விடுதிக்கு எழுதி அனுப்பியிருப்பது இங்கே முக்கியமான சான்று. பதிவு உறுதிச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, கட்டணப் பலகையின் படம் ஆகியவையும் கைவசம் உள்ளன. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று வரவேற்பு மேசையில் நீட்டப்பட்ட தாளில் குடும்பத்தினர் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் வழக்கு பெரிதும் பலவீனப்பட்டிருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட சேவையைத் தராதது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. வழக்குக்காக ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. பதிவு இணையதளம் வழியாக நடந்திருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் இருவரும் பழியை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள்.

வழக்கு வரை போகாமலே இது முடிய வேண்டும். வித்தியாசமும் டாக்சிச் செலவுமாக 7,400 ரூபாயையும், உரிய இழப்பீட்டையும் 15 நாட்களுக்குள் அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் செலுத்த ஆவன செய்யுமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.