எல்லாம் 155 மில்லிமீட்டர்தான், ஆனால் பொருந்துமா?

உக்ரேன் போர் பற்றிய செய்திகளில் 155 மில்லிமீட்டர் என்ற எண் அடிக்கடி வருகிறது. அது பீரங்கிக் குழாயின் உள்விட்டம். 2022 முதல் அமெரிக்கா எம்777, பிரான்ஸ் சீசர், ஜெர்மனி பிஇசட்எச் 2000, போலந்து கிராப் என்று ஆளுக்கொரு பீரங்கியை உக்ரேனுக்கு அனுப்பின. விட்டம் ஒன்றே என்பதால் எந்தக் குண்டையும் எதிலும் போட்டுச் சுடலாம் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. 155 மில்லிமீட்டர் குண்டுக்குப் பொதுத் தரம் இருந்தும், அதிலிருந்து விலகும் உரிமையை 14 நாடுகள் தங்களிடமே வைத்திருக்கின்றன என்று நேட்டோ ராணுவக் குழுவின் அப்போதைய தலைவர் ராப் பவர் 2023ல் சொன்னார்.

இயந்திரப் பொறியியல் மாணவன் என்பதால், இந்தச் செய்தி எனக்கு 200 ஆண்டு பழைய ஒரு கதையை நினைவூட்டியது.

அதற்கு முன்பெல்லாம் துப்பாக்கியைக் கொல்லர் ஒவ்வொன்றாக அரத்தால் ராவிச் சேர்ப்பார். ஒரு துப்பாக்கியின் விசை இன்னொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் சிறு பாகம் உடைந்தாலும் கைதேர்ந்த கொல்லர் ஒருவர் அந்தத் துப்பாக்கிக்கென்றே புதிதாகச் செய்து தரவேண்டும். இதை மாற்றியவர் எலி விட்னி என்று பலர் படித்திருப்போம். அவர் 1798ல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்றது உண்மை. ஆனால் இன்று எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தால் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவதில்லை. என் பார்வையில் அந்தப் பெருமை ஜான் ஹாலுக்கே சேரவேண்டும்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரின் அரசாங்க ஆயுத ஆலையில் 1,000 துப்பாக்கிகள் செய்ய 1819ல் ஹாலுக்கு வேலை கிடைத்தது. அவர் முதலில் துப்பாக்கி செய்யவில்லை. அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும், அளந்து பார்க்கும் கேஜ்களையும் செய்தார். கேஜ் என்பது எளிய கருவிதான். ஒரு துளை 10 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், 0.02 வரை கூடலாம் என்று வைத்துக்கொள்வோம். கேஜின் ஒரு முனை 10.00, மறுமுனை 10.02. முதல் முனை நுழையவேண்டும், இரண்டாவது நுழையக்கூடாது. தொழிலாளியின் கண்ணையோ கைப்பழக்கத்தையோ நம்பவேண்டியதில்லை.

ஹாலின் இன்னொரு யோசனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரு பாகத்தில் ஐந்து துளைகள் என்றால், ஒவ்வொன்றையும் முந்தைய துளையிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிமீட்டர் தவறினால், கடைசித் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடலாம். ஹால் எல்லா அளவுகளையும் ஒரே புள்ளியிலிருந்து எடுத்தார். பிழை அந்தந்தத் துளையோடு நின்றுவிட்டது.

இதைச் சோதிக்க அரசாங்கக் குழு ஒன்று வந்தது. 100 துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, புதிய மரக்கட்டைகளில் மீண்டும் பூட்டிப் பார்த்தார்கள். பொருந்தின.

ஆனால் அது ஒரே ஆலைக்குள் நடந்தது. 1828ல் அதே துப்பாக்கியைச் செய்யும் ஒப்பந்தம், பல நூறு கிலோமீட்டர் தொலைவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஆலை வைத்திருந்த சிமியோன் நார்த்துக்கும் கிடைத்தது. அவர் கையில் ஹாலின் கேஜ்களுக்கு இணையான கேஜ்கள் இருந்தாக வேண்டும். கேஜும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். அதனால் அன்றாட வேலைக்கு ஒன்று, அதைச் சரிபார்க்க எடுத்து வைத்த மூலக் கேஜ் ஒன்று என்று பேணவேண்டும். 1834க்குள் ஓர் ஆலையின் பாகம் மற்றோர் ஆலையின் துப்பாக்கியில் பொருந்தியது. அதன் பிறகு பழுதுபார்ப்பது என்றால் பெட்டியிலிருந்து ஒரு பாகத்தை எடுத்து மாட்டுவதுதான். அது இல்லாவிட்டாலும், உடைந்த இரண்டு துப்பாக்கிகளிலிருந்து ஒரு நல்ல துப்பாக்கி கிடைக்கும்.

இது மலிவாக வரவில்லை. முதல் ஆயிரம் முடியவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பாகங்கள் அவ்வளவு கச்சிதமாக இருந்தும், சுடும்போது பின்பக்க இணைப்பில் வாயு கசிந்தது. வடிவமைப்பில் உள்ள குறையைக் கேஜால் தீர்க்க முடியாது.

மீண்டும் உக்ரேனுக்கு வருவோம். அங்கே விட்டம் என்ற ஒரே ஓர் அளவில்தான் முழு உடன்பாடு. குழாயின் நீளம் எம்777இல் ஏறத்தாழ 6 மீட்டர், பிஇசட்எச் 2000இல் 8 மீட்டர். குண்டைத் தள்ளும் வெடிமருந்துப் பொதிகளும் வேறுபடுகின்றன. குண்டின் எடையும் வடிவமும் பீரங்கியின் கணினிக்குத் தெரியாவிட்டால் அது சுடும், ஆனால் இலக்கில் விழாது. பாகம் உடைந்தால் சிக்கல் இன்னும் பெரிது: சீசரின் உதிரிபாகம் கிராப்புக்கு உதவாது. ஜெர்மன் பீரங்கிகள் பழுதுபார்க்க லித்துவேனியா வரை போய்வந்தன.

மேற்கத்திய நாடுகள் ஆண்டுக்கு எத்தனை லட்சம் குண்டுகள் செய்யும் என்றுதான் பெரும்பாலும் விவாதிக்கிறோம். எந்தக் குண்டு எந்தப் பீரங்கியில், எந்தப் பொதியோடு, எந்தக் கணக்கோடு சுடப்படும் என்ற கேள்விக்கும் அதே அளவு இடம் தரவேண்டும் என்பேன். உக்ரேன் இப்போது போக்டானா என்ற சொந்த 155 மில்லிமீட்டர் பீரங்கியை வரிசையாகச் செய்கிறது. ஆனால் அதை ஏற்றிச் செல்லும் லாரி மட்டும் ஒன்றல்ல. கிராஸ், மாஸ், டாட்ரா என்று கிடைத்ததில் ஏற்றியிருக்கிறார்கள். பீரங்கிக்கு ஒரே பெட்டி உதிரிபாகம் போதும், எஞ்சினுக்கு மூன்று வேண்டும்.