சாட்சியை யார் விசாரிப்பது?

“மையம் இல்லை, ஆகவே ஒற்றைத் தோல்விப் புள்ளியும் இல்லை.” கிசுகிசு நெறிமுறைகள் பற்றிய ஆய்வரங்குகளில் இவ்வாக்கியம் எதிர்ப்பின்றிக் கடந்துபோகிறது. அண்மையில் நான் அமர்ந்திருந்த ஓர் அரங்கில், மாணவர் ஒருவர் `kill -9` கொண்டு சில கணுக்களை நிறுத்தி, அச்செய்தி எத்தனை நொடிகளில் கொத்து முழுவதும் பரவியது என்று வரைபடம் காட்டினார். “உயிரோடிருந்த கணுக்களில் எத்தனை இறந்ததாக அறிவிக்கப்பட்டன?” என்று கேட்டேன். “அது எங்கள் ஆய்வெல்லைக்குள் வராது” என்றார் வழிகாட்டி. அந்த விடையை மறுக்கவே இப்பதிவு.

கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாஸ், குப்தா, மோத்திவாலா ஆகியோர் 2002இல் முன்வைத்த ஸ்விம் நெறிமுறையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணு இன்னொன்றைத் தேர்ந்து பிங் அனுப்புகிறது. உரிய நேரத்துக்குள் விடை வராவிட்டால், வேறு சில கணுக்களிடம் “நீங்கள் கேட்டுப் பாருங்கள்” என்கிறது. அவற்றின் வழியாகவும் விடை வராவிட்டால் அதைச் சந்தேகத்துக்குரியதாக அறிவிக்கிறது. சந்தேகிக்கப்பட்ட கணு அதைக் கேள்வியுற்றால், தன் அவதார எண்ணை ஒன்று கூட்டி “நான் உயிரோடிருக்கிறேன்” என்று மறுக்கலாம். குறித்த காலத்துக்குள் மறுப்பு வராவிட்டால் மரணம் உறுதிசெய்யப்படும். இச்செய்திகள் அனைத்தும் பிங்குகளின் முதுகிலேறிப் பரவுகின்றன.

இதில் ஒரு மௌனமான அனுமானம் உண்டு. கேட்பவர் நலமாக இருக்கிறார் என்பதே அது.

‘அ’ என்ற கணுவில் வேறொரு பணி செயலியை விழுங்கிவிட்டது. அது ஒன்பது நொடி உறைந்து, ஒரு நொடி விழித்து, மீண்டும் உறைகிறது என்று கொள்வோம். சுற்றுக்கு ஒரு நொடி, சந்தேகக் காலம் எட்டு நொடி. ‘அ’ முற்றிலும் நலமான ‘ஆ’வுக்குப் பிங் அனுப்பிவிட்டு உறைகிறது. ‘ஆ’ உடனே விடையளிக்கிறது. ஆனால் அவ்விடை ‘அ’வின் வாசலிலேயே வாசிக்கப்படாமல் கிடக்கிறது. விழித்ததும் கெடு முடிந்ததே ‘அ’வின் கண்ணில் முதலில் பட்டால், இடையாட்களின் விடையையும் அதே தாமதத்தில் தவறவிட்டு, ‘ஆ’வைச் சந்தேகத்துக்குரியதாக அறிவித்துவிட்டு மீண்டும் உறைகிறது. ‘ஆ’ மறுக்கிறது, மறுப்பும் அதே வாசலில் காத்திருக்கிறது. அடுத்த விழிப்பில் எட்டு நொடி கடந்திருக்கிறது. ‘ஆ’ இறந்துவிட்டது என்று ‘அ’ தீர்ப்பளிக்கிறது. மூல நெறிமுறையின் விதிப்படி, உறுதிசெய்யப்பட்ட மரணச் செய்தி எந்த அவதார எண்ணுள்ள மறுப்பையும் மீறி நிற்கும். ஆகவே நோயுற்ற ஒரு கணுவின் தீர்ப்பு நலமான எல்லாக் கணுக்களின் பட்டியலிலும் ஏறுகிறது. ஒற்றைத் தோல்விப் புள்ளி ஒழியவில்லை. அது இடம் மாறி உலவத் தொடங்கியிருக்கிறது.

“ஒத்தியங்காத வலையமைப்பில் பிழையற்ற தோல்வி கண்டறிதல் இயலாது என்பது நிறுவப்பட்ட உண்மை அல்லவா?” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு பிழை தவிர்க்கவியலாதது என்பது அதை அளக்காமலிருக்க அனுமதி ஆகாது. “கெடுவை நீட்டினால் போதும்” என்பாரும் உண்டு. அப்போது ஒரு கணுவின் மந்தத்துக்காக எல்லாக் கணுக்களும் உண்மையான மரணங்களைத் தாமதமாக அறியும்.

தீர்வின் திசை வேறு. ஹாஷிகார்ப் ஆய்வாளர்கள் வெளியிட்டு, `memberlist` நூலகத்தில் இடம்பெற்ற லைஃப்கார்டு விரிவாக்கம், கேட்பவரே தன்னைச் சந்தேகிக்கும்படி செய்கிறது. இடையாட்கள், ‘ஆ’விடமிருந்து விடை வராவிட்டால் வெறுமனே இராமல் “எனக்கும் விடையில்லை” என்று ‘அ’வுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியும் வரவில்லையெனில், கேட்ட எல்லாரும் ஒருசேர ஊமையாகிவிட்டார்கள் என்று நம்புவதைவிடத் தன் காது அடைத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். ‘அ’ தன் நலக்குறைவு மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு தன் கெடுவை மட்டும் நீட்டிக்கொள்கிறது. சந்தேகக் காலமும் நீளமாகத் தொடங்கி, பிற கணுக்கள் அதே சந்தேகத்தைத் தனித்தனியே உறுதிசெய்யும்போதுதான் குறைகிறது. தனிச் சாட்சியின் சொல்லுக்கு எடை குறைவு.

இதுவும் முழு மருந்தன்று. உறுப்பினர் பட்டியல்கள் கணுவுக்குக் கணு சிறிது நேரம் வேறுபடவே செய்யும். அவற்றை ஒருமித்த முடிவாகக் கொண்டு தலைமைக் கணுவைத் தீர்மானிப்பது தவறு.

எனவே நெறியாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரே கோரிக்கை. `kill -9` தூய மரணத்தை மட்டுமே சோதிக்கிறது. அதனருகே இதையும் ஒரு கணுவில் ஓட்டுங்கள்:

```
while true; do
  kill -STOP $PID; sleep 9
  kill -CONT $PID; sleep 1
done
```

பிறகு, நலமான கணுக்களில் எத்தனை இறந்ததாக அறிவிக்கப்பட்டன, அந்த முதற்குரல் எந்தக் கணுவிலிருந்து எழுந்தது என்று பதிவேடுகளில் எண்ணுங்கள். குற்றச்சாட்டுகள் ஒரே கணுவிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், நோயாளி குற்றம்சாட்டப்பட்டவரல்லர். அந்த எண்ணிக்கை இல்லாத ஆய்வேடு, நெறிமுறையின் வேகத்தை அளந்திருக்கிறது. அதன் நேர்மையை அளக்கவில்லை.