பெறப்போவதை முதலில் சொல்லுங்கள்

நமது ஊர்களில் கருத்தரங்கு அறிவித்தல் ஒன்றைக் கையில் எடுத்தால், வளவாளரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். பெயருக்கு முன்னே பட்டங்கள், பின்னே பதவிகள், அதற்கும் பின்னே சங்கங்களின் பெயர்கள். கடைசி வரி வரை வாசித்தாலும், அங்கே போனால் நமக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியாது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

அறிவித்தலில் வரும் குறிப்பு வேறு, மேடையில் தலைவர் செய்யும் அறிமுகம் வேறு. மேடை அறிமுகத்தைக் கேட்பவர்கள் ஏற்கெனவே வந்து அமர்ந்தவர்கள். அவர்களிடம் பட்டங்களை விரிவாகச் சொல்லலாம். அறிவித்தலை வாசிப்பவரோ வருவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்காதவர். யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்கு மகளை பஸ்ஸில் அனுப்பலாமா என்று யோசிக்கும் உம்மாவுக்கு, அரை நாளைச் செலவழிக்க ஒரு காரணம் வேண்டும். அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தால், நீண்ட செய்தியின் ஆரம்ப வரிகள் மட்டுமே முதலில் தெரியும். அந்தக் காரணம் அங்கேயே இருக்க வேண்டும்.

நாம் எல்லோரும் அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறிஞர் சித்திலெப்பை இன்று நம் பெற்றோரிடம் பெண் கல்வி பற்றிப் பேச வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழமையான குறிப்பு இப்படி இருக்கும்:

"1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டவர். கல்விமான், சமூக சீர்திருத்தவாதி."

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பெற்றோருக்கு அழைப்பும் இல்லை. இதையே மாற்றி எழுதினால்:

"மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் மகளுக்கு ஒன்றாகக் கிடைக்குமா என்று யோசிக்கும் பெற்றோர், அத்தகைய பாடசாலையை ஊர் மக்கள் எப்படித் தொடங்கலாம் என்பதை இவ்வுரையில் கேட்டறியலாம். உரையாற்றுபவர் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய சட்டத்தரணி சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் கல்விக்காகத் தொடர்ந்து எழுதியவர்."

முதல் வாக்கியம் யாருக்கு, என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. இரண்டாவது, அதைச் சொல்ல இவருக்குள்ள தகுதியைச் சொல்கிறது. நாவல் இங்கே இல்லை. அது சிறுமையானது என்பதால் அல்ல. இந்தத் தலைப்புக்கு அது சான்று ஆகாது. நாவல் இலக்கியம் பற்றிய கூட்டமாக இருந்தால் அதுதான் முதலில் வர வேண்டும். ஆக, ஒரே ஆளுக்கு ஒரே குறிப்பு எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்தாது.

இங்கே தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, "சிறந்த வழிகாட்டல் பெறுவீர்கள்" போன்ற வெற்று வாக்கியம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாக்கியத்தால் பயனில்லை. மற்றது, உரையில் இல்லாததை வாக்களிப்பது. ஆகவே எழுதுமுன் வளவாளரிடமே கேட்க வேண்டும்: "உரை முடிந்து வீடு போகிறவர் எதைத் தெரிந்திருப்பார், எதைச் செய்யக்கூடியவராக இருப்பார்?" அவர் சொன்னதை எழுதி, அவரிடமே காட்டிச் சம்மதம் பெற வேண்டும். சொன்னது ஒன்றும் கேட்டது ஒன்றுமாக இருந்தால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

பட்டங்களைப் பின்னே தள்ளுவது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். பெயரோடு சேர்ந்த டொக்டர், மௌலவி, ஆலிமா என்பவை பெயரோடேயே இருக்கட்டும். மருத்துவம், சட்டம், மார்க்கத் தீர்ப்பு பற்றிய உரைகளில் தகைமையைக் கட்டாயம் சொல்லவும் வேண்டும். கேட்பவருக்கு அது பாதுகாப்பு. நான் குறைக்கச் சொல்வது தலைப்போடு தொடர்பில்லாத பட்டியலைத்தான்.

இந்த மாற்றத்தால் அதிகம் பயன் பெறப்போவது நம் மாணவிகள் என்று நினைக்கிறேன். உயர்தரம் படிக்கும் ஒருத்தியிடம் "உன்னைப் பற்றி எழுதித் தா" என்றால், எழுத ஒன்றுமில்லை என்று தயங்குவாள். அவள் பட்டங்களைத் தேடுகிறாள். வீட்டுத் தோட்டத்தில் மிளகுக் கொடி வளர்த்தவள் அதைப் பற்றிப் பேசுவதானால், "வெட்டிய கொடித் தண்டை எப்படி வேர்பிடிக்க வைப்பது என்று காட்டுவார், மூன்று வருடங்களாகத் தன் வீட்டில் செய்து வருபவர்" என்று எழுதலாம். அவளுக்குப் பட்டம் இல்லை. ஆனால் கேட்பவருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது. மேடை ஏற அது போதும்.