போஸ்ட் இருக்கு, தேடினால் இல்லை: ஹேஷ்டேக் முடக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2021 மே மாதம். ஜெருசலேமில் உள்ள அல்-அக்ஸா மசூதி வளாகத்தில் இஸ்ரேல் போலீசாருக்கும் தொழ வந்தவர்களுக்கும் மோதல். அங்கே நடப்பதைப் பலர் செல்போனில் படம் பிடித்து #AlAqsa என்ற ஹேஷ்டேக்குடன் இன்ஸ்டாகிராமில் போட்டார்கள்.  ஆனால் அந்த ஹேஷ்டேக்கைத் தேடியவர்களுக்கு அந்தப் படங்கள் கிடைக்கவில்லை.

காரணம் என்ன என்பது 2022 செப்டம்பரில்தான் முழுசாக வெளியே வந்தது. மெட்டா நிறுவனமே கேட்டுக்கொண்டதன் பேரில் பி.எஸ்.ஆர். என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை அதைச் சொன்னது. அமெரிக்க நிதித்துறையின் தடைப் பட்டியலில் 'அல்-அக்ஸா பிரிகேட்ஸ்' என்ற ஆயுதக் குழுவின் பெயர் இருக்கிறது. மெட்டாவுக்காக வேலை செய்த வெளி ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவர், அந்தப் பட்டியலைப் பார்த்து முடக்க வேண்டிய ஹேஷ்டேக்குகளைச் சேர்க்கும்போது #AlAqsa-வும் உள்ளே போய்விட்டது. இஸ்லாமியர்களின் மிகப் புனிதமான இடங்களில் ஒன்றின் பெயர், ஓர் ஆயுதக் குழுவின் பெயரோடு குழப்பிக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

தவறு நடப்பது சகஜம். ஆனால் படம் போட்டவர்களுக்கு, 'உங்கள் போஸ்ட் தேடலில் வராது' என்று யாருமே சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நம்ம ஊரிலும் நடந்தது

அதற்குச் சில நாட்கள் முன்பு, 2021 ஏப்ரல் 28 அன்று, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், ஃபேஸ்புக்கில் #ResignModi என்ற ஹேஷ்டேக்கைத் தேடியவர்களுக்கு 'தற்காலிகமாக மறைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. சில மணி நேரத்தில் தடை நீங்கியது. தவறுதலாக நடந்துவிட்டது, இந்திய அரசு கேட்டுச் செய்யவில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அரசியல் ஹேஷ்டேக்குகளுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூலையில் #curvy என்ற சாதாரணச் சொல்லை இன்ஸ்டாகிராம் தேடலில் இருந்து எடுத்தது. ஆபாசப் படம் போடுபவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது காரணம். உடல்வாகைப் பற்றித் தன்னம்பிக்கையோடு எழுதிக்கொண்டிருந்த பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு திரும்ப வந்தது. ஒரு ஹேஷ்டேக்கை நூறு பேர் தப்பாகப் பயன்படுத்தினால், அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் ஆயிரம் பேரும் சேர்ந்தே மறைகிறார்கள்.

முடக்கம் எப்படித் தெரியும்?

இதில் இரண்டு ரகம் உண்டு. முழுத் தடை என்றால் அந்த ஹேஷ்டேக் தேடலில் வரவே வராது, அல்லது பக்கம் காலியாக இருக்கும். பாதித் தடை என்றால் பக்கம் திறக்கும், ஏற்கெனவே பிரபலமான சில போஸ்ட்கள் மட்டும் தெரியும், 'சமூக வழிகாட்டுதலுக்கு ஒத்துவராத பதிவுகள் பற்றிப் புகார் வந்ததால் மற்றவை மறைக்கப்பட்டுள்ளன' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு இருக்கும். இரண்டாவது ரகம்தான் ஆளை ஏமாற்றும். பக்கம் திறக்கிறதே என்று நம்பி விட்டுவிடுவோம்.

ஆகவே ஒரு ஹேஷ்டேக்கைப் போடுவதற்கு முன், தேடலில் அதை அடித்துப் பக்கத்தைத் திறந்து, கீழே வரை பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டரில் லாகின் செய்துவிட்டு இந்த முகவரியிலும் பார்க்கலாம். கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினால் போதும்:

```
instagram.com/explore/tags/curvy/
```

போஸ்ட் போட்ட பிறகு சோதிப்பது

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஒருவர், நான்கு ஹேஷ்டேக்குகளுடன் ஒரு ரீல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. முடக்கம்தானா, இல்லை சும்மா ஓடவில்லையா?

அவர் செய்ய வேண்டியது, அதே போஸ்ட்டில் உலகத்தில் வேறு யாருமே பயன்படுத்தாத ஒரு ஹேஷ்டேக்கையும் சேர்ப்பது. கடையின் பெயரோடு நாலைந்து எண்களைச் சேர்த்தால் போதும். சில மணி நேரம் கழித்து, தன்னை ஃபாலோ செய்யாத ஒரு நண்பரிடம் அவருடைய போனில் அந்தப் புது ஹேஷ்டேக்கைத் தேடச் சொல்ல வேண்டும். சொந்த அக்கவுன்ட்டில் தேடி முடிவுக்கு வரக் கூடாது. நம்ம போஸ்ட் நமக்குத் தெரிவது எதையும் நிரூபிக்காது.

நண்பருக்குப் போஸ்ட் தெரிந்தால், அக்கவுன்ட்டிலோ அந்தப் போஸ்ட்டிலோ பிரச்சினை இல்லை. பிறகு மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். அறிவிப்போ காலிப் பக்கமோ வருகிற ஹேஷ்டேக்தான் வில்லன். கேப்ஷனை எடிட் செய்து அதை நீக்கிவிடலாம். 'ஒரே ஒரு தடை ஹேஷ்டேக் இருந்தால் மொத்தப் போஸ்ட்டும் காலி' என்று பரவலாகச் சொல்லப்படுவது தன் போஸ்ட்டுக்குப் பொருந்துகிறதா என்பதும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

தனி ஹேஷ்டேக்கிலும் போஸ்ட் தெரியவில்லை என்றால், முதலில் அக்கவுன்ட் பிரைவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரைவேட் போஸ்ட்கள் ஹேஷ்டேக் தேடலில் பொதுவில் வராது. அதுவும் இல்லையென்றால், செட்டிங்ஸில் Account Status என்ற பகுதிக்குப் போகலாம். நம் பதிவுகள் ஃபாலோ செய்யாதவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனவா என்று அங்கே தெரியும். எந்த ஹேஷ்டேக் முடங்கியிருக்கிறது என்று மட்டும் அதுவும் சொல்லாது.

பெரிய ஹேஷ்டேக்கில் நம்ம போஸ்ட் தெரியாததை வைத்து மட்டும் 'முடக்கிட்டாங்க' என்று சொல்ல முடியாது. அங்கே எது மேலே வர வேண்டும் என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. கோடிக்கணக்கான போஸ்ட்களில் நம்முடையது அடியில் கிடப்பது தடை அல்ல, போட்டி.

'தடை செய்யப்பட்ட ஹேஷ்டேக் பட்டியல்' என்று இணையத்தில் சுற்றுவதையும் நம்ப வேண்டாம். தடைகள் சில மணி நேரத்தில்கூட வந்து போகும் என்பதற்கு #ResignModi சாட்சி. செக் செய்து தருகிறோம் என்று இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட் கேட்கும் ஆப்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

சொல்ல வேண்டியது யார்?

இத்தனை துப்பறியும் வேலையைப் பயனர் ஏன் செய்ய வேண்டும்? இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் ஒரு பதிவைத் தாமாக நீக்கினால், போட்டவருக்குக் காரணம் சொல்லி, மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பும் தர வேண்டும் என்கின்றன. ஆனால் ஹேஷ்டேக் முடக்கத்தில் பதிவு நீக்கப்படுவதில்லை. நம்ம பக்கத்தில் அப்படியே இருக்கிறது, தேடினால் மட்டும் வராது. இந்த இடைவெளியில்தான் தளங்கள் தப்பிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இதை அடைத்திருக்கிறது. ஒரு பதிவு கண்ணில் படுவதைக் குறைத்தாலே காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அது.

குழந்தைகளைச் சுரண்டும் படங்களையும், தற்கொலையைத் தூண்டும் பதிவுகளையும் மறைக்க ஹேஷ்டேக் தடை தேவைதான். அதை யாரும் மறுக்கவில்லை. கேட்பது சின்ன விஷயம். முடங்கிய ஹேஷ்டேக்கை டைப் செய்யும்போதே, 'இது இப்போது தேடலில் இல்லை' என்று ஒரு வரி காட்டினால் போதும். தேடுபவருக்குக் காட்டும் அறிவிப்பை எழுதுபவருக்கும் காட்டுவது பெரிய தொழில்நுட்பச் சவால் கிடையாது. 2021 மே மாதம் அந்த ஒரு வரி இருந்திருந்தால், #AlAqsa தவறு முதல் நாளிலேயே எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.