இலவசத் துணி, இலவசமில்லாத நேரம்: பழைய சாறிப் பையின் உண்மைக் கணக்கு

2025 யூலையில் பிரான்சின் பல ஊர்களில் பழைய உடுப்புப் போடும் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. அவற்றைச் சேகரிக்கும் பெரிய அமைப்பான 'லு ரெலே' சேகரிப்பை நிறுத்தியது. சில கடைகளின் வாசலில் பழைய துணிகளைக் கொண்டுபோய்க் கொட்டியும் எதிர்ப்புக் காட்டியது. ஒரு தொன் துணியைத் தரம் பிரிக்க அவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை 156 யூரோ. செலவு அதைவிட மிக அதிகம் என்பதே அவர்களின் முறைப்பாடு. கடைசியில் அரசு அத்தொகையை 223 யூரோவாக உயர்த்த இணங்கியது.

அதே ஆண்டு சனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பழந்துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. துணி குவிகிறது, ஆனால் அதைக் காசாக்கும் வழி சுருங்குகிறது. பழந்துணிக்கு விலை இல்லை, அதன் மேல் செலவாகும் மனித உழைப்புக்குத்தான் விலை. பெரிய நிறுவனத்தையே நிறுத்திய இந்தக் கணக்கு, எங்கள் வீட்டுத் தையல் மெசினுக்கும் பொருந்தும்.

எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓர் அக்கா பழைய பருத்திச் சாறிகளில் தோள்பை தைத்து, ஒரு விழாச் சந்தையில் விற்றார். 20 பைகள், ஒன்று 12 யூரோ. எல்லாம் விற்றுப்போயின. "தம்பி, துணி சும்மா கிடைச்சது. 208 யூரோ லாபம்" என்று கொப்பியைக் காட்டினார். கணக்கு வேலையிலேயே காலம் போனவன் என்பதால் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். 240 யூரோ வரவில் நூல், பொத்தான், உள்ளே வைக்கும் தடித்த துணி ஆகியவற்றுக்கு 32 யூரோ கழித்திருந்தார். அவ்வளவுதான்.

ஒரு சாறி ஐந்தரை மீற்றர் நீளம். ஆனால் கொசுவம் மடிந்த இடமும் கீழ்க்கரையும் நைந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். சாறித் துணி மெல்லியது என்பதால் பைக்கு இரட்டைத் துணி வேண்டும். ஆகவே ஒரு சாறியில் நான்கு பைகள்தான். தோய்த்து, கீழே தைத்த 'ஃபோல்ஸ்' பிரித்து, இஸ்திரி போட்டு, வெட்டித் தைக்க ஒரு பைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது என்று அவரே சொன்னார். 20 பைக்கு 30 மணித்தியாலம். சந்தையில் நின்றது 8. மொத்தம் 38.

இப்போது விடுபட்ட செலவுகள். மேசை வாடகை 40 யூரோ. பதிவு செய்து விற்றிருந்தால், 'மிக்ரோ' எனப்படும் சிறு சுயதொழில் முறையில், தானே செய்த பொருளின் விற்பனைக்கு 2025இல் சமூகக் கட்டணம் 12.3 வீதம். இது லாபத்தில் அல்ல, முழு வரவில் கழியும். 240 யூரோவுக்கு 29.52. ஆக மிச்சம் 138 யூரோ 48 சதம். 38ஆல் பிரித்தால் மணிக்கு 3 யூரோ 64 சதம். அந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் கழிவுகள் போக மணிக்கு ஏறக்குறைய 9.40 யூரோ.

அந்த அளவைத் தொட, பையை 25 யூரோவுக்கு விற்க வேண்டும். பக்கத்து மேசையில் 5 யூரோவுக்குப் பை தொங்கும் இடத்தில் யார் வாங்குவார்? இது அக்காவின் திறமைக் குறைவு அல்ல. துணி இலவசமாக இருந்ததால் நேரமும் இலவசம் என்று கொப்பி நினைத்துக்கொண்டது.

இரண்டாவது பிரச்சினை சட்டம். 'வீட் க்ரெனியே' எனும் பழம்பொருள் சந்தைகளில் தனியாட்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை பதிவில்லாமல் விற்கலாம் என்பது எங்கள் சனத்துக்குத் தெரியும். ஆனால் அந்தச் சலுகை சொந்தமாகப் பாவித்த பொருட்களுக்கு மட்டும். உங்கள் பழைய சாறியை அப்படியே விற்கலாம். அதை வெட்டிப் பையாகத் தைத்துவிட்டால் அது புதிய உற்பத்தி, பதிவு வேண்டும். ஒழுங்குசெய்பவர் கேட்கவில்லை என்பதால் விதி இல்லாமல் போகாது. ஆர்.எஸ்.ஏ. உதவிப் பணம் எடுக்கும் குடும்பங்கள் மூன்று மாதப் பத்திரத்தில் இந்த வரவைக் காட்டியே ஆக வேண்டும். மறைத்தது தெரியவந்தால் கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கேட்பார்கள். 138 யூரோவுக்காக அந்தக் கடிதம் வர வேண்டுமா? அகதி அந்தஸ்துக் கிடைத்து வதிவிட அட்டை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

அப்படியானால் மெசினை மூடிவைப்பதா? இல்லை, விற்கும் பொருளை மாற்ற வேண்டும். அந்த அக்காவிடம் ஒரு பெண் தன் தாயின் கூறைச்சாறியைக் கொண்டுவந்து, முந்தானையில் இரண்டு குஷன் உறை தைத்துத் தரும்படி கேட்டிருந்தார். கூலி 45 யூரோ. அளவெடுத்துப் பேசியது உட்பட இரண்டரை மணித்தியாலம். நூல், சிப், உள்துணிக்கு 3 யூரோ. வாடிக்கையாளரின் துணியில் தைப்பது பொருள் விற்பனை அல்ல, சேவை. அதற்குக் கட்டணம் 21.2 வீதம், அதாவது 9.54 யூரோ. மிச்சம் 32.46. மணிக்கு ஏறக்குறைய 13 யூரோ. வீதம் கூடியும் வருமானம் மூன்று மடங்குக்கு மேல். சந்தை வாடகை இல்லை, விற்காமல் மிஞ்சும் பையும் இல்லை. அந்தச் சாறிக்குப் பக்கத்து மேசையில் போட்டியும் இல்லை.

இதிலும் இடறும் இடம் உண்டு. பழைய பட்டு மடிப்பு வழியே நைந்து போகும். பார்வைக்குத் தெரியாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், கோடு கோடாக வெளிச்சம் வந்தால் அந்த இடம் போய்விட்டது. மடிப்பின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தால் 'சர்' என்று பிரியும். வெட்டுவதற்கு முன்பு வாடிக்கையாளர் முன்னிலையிலேயே இதைச் செய்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டா நைலோனா என்று சந்தேகமென்றால் ஓரத்து நூலொன்றை எரித்துப் பாருங்கள். பட்டு மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கடின மணியாகும். அதில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கதை முடிந்தது.

மிஞ்சும் துண்டுகளில் பிள்ளைகளுக்குப் பொம்மை தைத்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையாட்டுப் பொருளுக்குப் பாதுகாப்புச் சோதனையும் 'சி.ஈ.' குறியும் கட்டாயம், கையால் செய்ததற்கும்தான். பழைய செய்தித்தாளில் பை ஒட்டி அதில் வடை கட்டிக் கொடுப்பதும் வேண்டாம், அச்சு மையின் எண்ணெய் உணவில் ஏறும். போத்தலில் பூ வரைந்து விற்பவர்களும் முதலில் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் வைப்புப் பணம் உள்ள பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொடுத்தாலே உடனே 25 சதம் கையில் வருகிறது.

அக்கா இப்போது கொப்பியில் இன்னொரு நிரல் கீறியிருக்கிறார். அதற்குத் தலைப்பு 'மணித்தியாலம்'. சந்தைப் பைகளை நிறுத்திவிட்டார். மாதத்தில் மூன்று நான்கு கட்டளைதான் வருகிறது, அதில் வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆனால் வருவது என்ன, போவது என்ன என்பது அவருக்கு இப்போது தெரியும்.